நகைக்கடனை அடைத்த பிறகும் நகை வரவில்லையா? கிளைக்கு எழுத வேண்டிய கடிதம்

கேள்வி: தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் 10.11.2025 அன்று 1,80,000 ரூபாய் நகைக்கடன் வாங்கினேன், வட்டி 9 சதவீதம். ஏப்ரல் 7, செவ்வாய்க்கிழமை கிளைக்குப் போய்க் கேட்டபோது 1,86,569 ரூபாய் கட்டினால் முடிந்துவிடும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை என் மகன் அவன் கணக்கிலிருந்து அந்தத் தொகையை நெஃப்டில் அனுப்பினான், ரசீது இருக்கிறது. நான்கு முறை போய்விட்டேன். ஒருமுறை மதிப்பீட்டாளர் லீவு, ஒருமுறை மேனேஜர் மீட்டிங், கடைசியாகப் போனபோது "கணக்கு இன்னும் குளோஸ் ஆகலையேம்மா" என்றார்கள். இன்று ஏப்ரல் 24. எழுத்தில் கேட்கச் சொல்கிறார்கள் எல்லோரும். எப்படி எழுதுவது, எதையெல்லாம் குறிப்பிட வேண்டும்?

பதில்: கடிதம் எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது. நகைக்கடன் கணக்கின் ஸ்டேட்மென்டைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். சேமிப்புக் கணக்கின் பாஸ்புக் இதற்கு உதவாது. நகைக்கடனுக்கென்று தனிக் கணக்கு எண் உண்டு, அந்த எண்ணுக்கான ஸ்டேட்மென்ட்தான் வேண்டும். அதில் கடைசி வரியில் மீதி பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் அங்கே ஒரு சின்னத் தொகை நிற்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. எவ்வளவு என்றுகூடக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம்.

1,80,000 ரூபாய்க்கு 9 சதவீதம் என்றால் வருடத்துக்கு 16,200 ரூபாய் வட்டி. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 44 ரூபாய் 38 காசு. நவம்பர் 10 முதல் ஏப்ரல் 7 வரை 148 நாள். வட்டி 6,569 ரூபாய் வருகிறது. அசலையும் சேர்த்தால் 1,86,569. துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தது இதே தொகைதான். ஆக அது ஏழாம் தேதிக்கான கணக்கு. பணம் போய்ச் சேர்ந்தது ஒன்பதாம் தேதி. இடையில் இரண்டு நாள் வட்டி ஏறியிருக்கிறது, ஏறத்தாழ 89 ரூபாய். மாதாமாதம் வட்டியை அசலோடு சேர்க்கும் வங்கியாக இருந்தால் சில ரூபாய் மாறலாம், ஆனால் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். "குளோஸ் ஆகலை" என்று அந்த ஊழியர் சொன்னது உண்மைதான். எவ்வளவு பாக்கி என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் அன்றைக்கே கட்டி முடித்திருப்பீர்கள்.

கவுண்டரிலேயே பணம் கட்டுபவர்களுக்கு இந்தச் சிக்கல் வருவதில்லை. ஊழியர் அந்த நிமிடத்துத் தொகையைக் கணினியில் பார்த்து வாங்கி, அங்கேயே கணக்கை முடித்துவிடுவார். வெளியிலிருந்து பணம் அனுப்பும்போது தொகை கடன் கணக்கில் வரவாகும், அவ்வளவுதான். மீதி பூஜ்யம் ஆனாலும் கணக்கை முடிப்பதற்கு ஒரு ஊழியர் கணினியில் தனியாக ஒரு பதிவு செய்ய வேண்டியிருக்கும். உங்கள் மகன் பணத்தை எந்தக் கணக்கு எண்ணுக்கு அனுப்பினார் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் கணக்குக்கு அனுப்பாமல் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பியிருந்தால், பணம் அங்கே அப்படியே கிடக்கும், கடனுக்குத் தினமும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி இருந்தால் "என் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்து இந்தக் கடனில் வரவு வையுங்கள்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த 89 ரூபாயும் நாள்தோறும் ஏறியிருக்கும்.

ரசீதைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் நெஃப்ட் ரசீது, இன்ன தேதியில் இவ்வளவு பணம் போனது என்பதற்குச் சாட்சி. கடன் முழுவதும் தீர்ந்தது என்பதற்குச் சாட்சி மீதி பூஜ்யம் காட்டும் ஸ்டேட்மென்ட், அல்லது வங்கி தரும் கணக்கு முடிப்பு ரசீது. நகையைக் கேட்கும் உரிமை அந்த இரண்டாவது காகிதத்திலிருந்துதான் பிறக்கிறது. ஸ்டேட்மென்டில் மீதி காட்டினால் வாதாட வேண்டாம். அன்றைய தேதிக்கு எவ்வளவு என்று கேட்டு, கவுண்டரில் பணமாகக் கட்டி, கணக்கை அங்கேயே முடிக்கச் சொல்லி, முடிப்பு ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக் கடத்தினால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஏன் என்பது அடுத்த விஷயத்தில் இருக்கிறது.

நாள் கணக்கு

தங்கம், வெள்ளி ஈட்டின் பேரில் தரும் கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6-ம் தேதி புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் 2026 ஏப்ரல் 1-க்குள் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அதன்படி, கடன் முழுவதும் அடைபட்ட அன்றே நகையைத் திருப்பித் தர வேண்டும். எப்படிப் போனாலும் 7 வேலை நாளைத் தாண்டக் கூடாது. தாண்டியதற்கு வங்கி காரணமாக இருந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். தாமதத்துக்கு வங்கி காரணமில்லை என்றால், என்ன காரணம் என்பதை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் தேதிகளை வைத்தே பார்ப்போம். ஏப்ரல் 9 அன்றே மீதி பூஜ்யம் ஆகியிருந்தால், 10-ம் தேதி வெள்ளி முதல் நாள். 11 இரண்டாவது சனி, 12 ஞாயிறு, இரண்டும் கழிந்தன. 13 திங்கள் இரண்டாம் நாள். 14 தமிழ்ப் புத்தாண்டு விடுமுறை. 15, 16, 17 மூன்று நாள் சேர்ந்து ஐந்து. 18 மூன்றாவது சனிக்கிழமை, வங்கி உண்டு, அது ஆறு. 20 திங்கள் ஏழு. 21-ம் தேதியிலிருந்து தாமதம். இன்றைக்கு, 24-ம் தேதி, நான்கு நாள் ஆகியிருக்கும். நான்கு நாளுக்கு 20,000 ரூபாய்.

89 ரூபாய் பாக்கி நின்றிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை. 27-ம் தேதி திங்கட்கிழமை அதைக் கட்டி முடிக்கிறீர்கள் என்று வையுங்கள். 28, 29, 30 மூன்று நாள். மே 1 விடுமுறை. மே 2 முதல் சனிக்கிழமை, நான்காவது நாள். 4, 5, 6 என்று எண்ணினால் மே 6, புதன்கிழமையோடு ஏழு நாள் முடியும். 89 ரூபாயை அற்பத் தொகை என்று விட்டுவிடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். கையில் 1,86,569 ரூபாய்க்கு ரசீது இருந்தாலும், அந்த 89 ரூபாய் நிற்கும்வரை தாமதம் வங்கியுடையது ஆகாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வங்கி இந்தப் புதிய வழிகாட்டுதலை நடைமுறைப்படுத்திய தேதிக்கு முன் வழங்கிய கடன்களுக்குப் பழைய விதிகளே தொடரும் என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் கடன் 2025 நவம்பரில் வாங்கியது. உங்கள் வங்கி அதற்கு முன்பே புதிய முறைக்கு வந்திருந்தால் 5,000 ரூபாய் கேட்கலாம். ஏப்ரல் 1 அன்றுதான் வந்தது என்றால் அந்தத் தொகையை உரிமையாகக் கேட்க முடியாது. எந்தத் தேதியில் நடைமுறைக்கு வந்தது என்பதைக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். அதற்காக நகையை மெதுவாகத் தரலாம் என்று ஆகிவிடாது. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 160-வது பிரிவு, எந்தக் காரியத்துக்காகப் பொருள் ஒப்படைக்கப்பட்டதோ அந்தக் காரியம் முடிந்ததும், கேட்காமலே பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. உரிய காலத்தில் திருப்பித் தராவிட்டால் அதற்குப் பிறகு பொருளுக்கு ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் வைத்திருப்பவரே பொறுப்பு என்கிறது 161. இந்த இரண்டும் எந்தத் தேதியில் வாங்கிய கடனுக்கும் பொருந்தும்.

கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்

கிளையில் உங்கள் கடிதத்தைப் படிப்பவர் மூன்று விஷயத்தைத் தேடுவார். எந்தக் கடன், பணம் எப்படி வந்தது, பெட்டகத்தில் எந்தப் பை. இந்த மூன்றுக்கும் விடை கடிதத்திலேயே இருந்தால் "பார்த்துச் சொல்கிறோம்" என்று தள்ளிவிட இடமில்லை. பை எண்ணைப் பலர் எழுதுவதில்லை. அடகு வைத்தபோது நகைகளை ஒரு பையில் போட்டு, சீல் வைத்து, எண் எழுதிப் பெட்டகத்தில் வைத்திருப்பார்கள். அந்த எண் உங்கள் நகைக்கடன் அட்டையிலோ மதிப்பீட்டுச் சான்றிலோ இருக்கும். இல்லாவிட்டால் கடன் கணக்கு எண்ணை வைத்தே அவர்கள் தேடிக்கொள்ளலாம், அந்த வரியை விட்டுவிடுங்கள்.

நகைகளின் விவரத்தை அட்டையில் இருக்கும் வார்த்தைகளிலேயே எழுதுங்கள். அட்டையில் "காதணி" என்று இருந்தால் நீங்கள் "ஜிமிக்கி" என்று எழுத வேண்டாம். திருப்பும்போது பட்டியலை ஒப்பிடுபவருக்குக் குழப்பம் வரும். எடையும் அப்படியே. மொத்த எடை, நிகர எடை இரண்டையும் எழுதுங்கள்.

மகன் கணக்கிலிருந்து பணம் வந்ததால் கடிதத்தில் அதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். அனுப்பியவர் பெயர் வேறாக இருப்பதால் கிளையில் யாருடைய வரவு என்று தேடாமல் இருக்க இது உதவும். பணம் கட்டியது மகன் என்பதால் நகை அவருக்குச் சேராது. கடன் பெற்றவர் நீங்கள், நகையும் உங்கள் கையில்தான் வர வேண்டும். கையெழுத்தும் நீங்கள்தான் போட வேண்டும். நெஃப்ட் பரிமாற்றத்துக்கு யு.டி.ஆர். எண் என்று ஒன்று மகனின் வங்கிக் குறுஞ்செய்தியிலோ ஸ்டேட்மென்டிலோ இருக்கும். அந்த எண்ணைப் பிழையில்லாமல் எழுதினால் பணத்தை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

89 ரூபாய் பாக்கி நின்று, அதை 27-ம் தேதி கட்டி முடித்தீர்கள் என்று வைத்து ஒரு மாதிரி தருகிறேன். புள்ளியிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள். நகைகளின் பெயரும் எடையும் உதாரணத்துக்காக நான் போட்டவை, உங்கள் அட்டையில் உள்ளதை எழுதுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்று தெரியவந்தால் இரண்டாவது தொகை வரும் வாக்கியத்தை எடுத்துவிட்டு, முடிந்த தேதி 09.04.2026 என்று மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புநர்: (பெயர், முகவரி, கைப்பேசி எண்)
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை)
நாள்: 27.04.2026

பொருள்: நகைக்கடன் கணக்கு எண் ……… முழுவதும் அடைக்கப்பட்டது. அடகு நகைகளைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

தங்கள் கிளையில் 10.11.2025 அன்று மேற்கண்ட எண்ணில் ரூ.1,80,000 நகைக்கடன் பெற்றேன். நகைகள் வைக்கப்பட்ட பை எண் ………. அடகு வைத்தவை: சங்கிலி ஒன்று, மொத்த எடை 16.200 கிராம், கல் வைத்த காதணி ஒரு ஜோடி, மொத்த எடை 5.600 கிராம், நிகர எடை 4.700 கிராம்; மோதிரம் ஒன்று, 3.150 கிராம். ஆக மொத்த எடை 24.950 கிராம், நிகர எடை 24.050 கிராம்.

07.04.2026 அன்று தங்கள் கிளையில் எழுத்தில் தெரிவித்த ரூ.1,86,569-ஐ 09.04.2026 அன்று என் மகனின் கணக்கிலிருந்து நெஃப்ட் மூலம் (யு.டி.ஆர். எண் ………) இக்கடன் கணக்கில் செலுத்தினேன். இரண்டு நாள் வட்டி பாக்கி இருப்பது அதன் பிறகு எனக்கு எழுத்திலோ குறுஞ்செய்தியிலோ தெரிவிக்கப்படவில்லை. அந்த மீதி ரூ.…… -ஐ இன்று கவுண்டரில் செலுத்தி (ரசீது எண் ………) கணக்கு முடிக்கப்பட்டது. கணக்கில் இன்று மீதி ஏதுமில்லை.

எனவே மேற்கண்ட நகைகளை இன்றே, இயலாவிட்டால் 06.05.2026-க்குள், மதிப்பீட்டுச் சான்றுடன் சரிபார்த்து என்னிடம் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் நேரில் வர வேண்டிய நாளையும் நேரத்தையும் எழுத்தில் தெரிவிக்கவும். தர இயலாது என்றால் காரணத்தையும், அதற்கு ஆதாரமான கடன் ஒப்பந்தப் பிரிவையும் எழுத்தில் தெரிவிக்கவும். நகைக்கடன் குறித்த ரிசர்வ் வங்கியின் 06.06.2025 தேதியிட்ட வழிகாட்டுதல்கள் தங்கள் வங்கியில் எந்தத் தேதி முதல் நடைமுறைக்கு வந்தன என்பதையும் தெரிவிக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

இணைப்பு நகல்கள்: நகைக்கடன் அட்டை, 07.04.2026 துண்டுச்சீட்டு, நெஃப்ட் ரசீது, 27.04.2026 முடிப்பு ரசீது, கடன் கணக்கு ஸ்டேட்மென்ட், ஆதார்.

துண்டுச்சீட்டு பற்றிய வரியை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். அவர்கள் சொன்ன தொகையைத்தான் நீங்கள் அனுப்பினீர்கள், பாக்கி இருப்பதைச் சொல்லாமல் நான்கு முறை அலையவிட்டார்கள் என்பது பதிவாகிறது. சட்டப்படி 89 ரூபாய் பாக்கி பாக்கிதான். ஆனால் புகார் மேலே போனால், சேவையில் குறை எங்கே நடந்தது என்று பார்ப்பவருக்கு இந்த வரி உதவும். அந்தச் சீட்டின் அசலைக் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும் போதும். எல்லா இணைப்புக்கும் இது பொருந்தும், நகைக்கடன் அட்டையின் அசலை நகை கைக்கு வரும் நாளில் கொடுத்தால் போதும்.

கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் கிளையின் முத்திரை, தேதி, வாங்கியவர் கையெழுத்து மூன்றும் வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கம்மா, மேனேஜர்கிட்ட குடுத்துடறோம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முத்திரை போட மறுத்தால் அதே கடிதத்தை அன்றே தபாலில் அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் இப்போது விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. விரைவுத் தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகை வேண்டும் என்று கேட்டு அனுப்பினால் போதும். வங்கியின் இணையதளத்தில் கிளையின் மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதற்கும் ஸ்கேன் செய்து அனுப்பலாம்.

மதிப்பீட்டாளர் லீவு என்றால்?

நகையை அடகு வைக்கும்போது தரம் பார்க்க, எடை போட, கல் கழிவு சொல்ல மதிப்பீட்டாளர் வேண்டும். திருப்பித் தரும்போது அவர் அவசியம் என்று வாடிக்கையாளரைக் காத்திருக்க வைப்பதில் நியாயம் இல்லை. உண்மையான தடை ஒன்றுதான் இருக்க முடியும்: பெட்டகச் சாவி இரண்டு ஊழியர்களிடம் இருக்கும், இருவரும் சேர்ந்துதான் திறக்க முடியும். ஒருவர் லீவில் போனால் சாவியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார், இல்லாவிட்டால் கிளையே நடக்காது. சில கிளைகளில் நகைப் பெட்டகத்தைக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டுமே திறப்பார்கள். அதனால்தான் கடிதத்தில் நாளையும் நேரத்தையும் கேட்கச் சொன்னேன்.

வேறு ஒரு காரணம் எழுத்தில் வரலாம், அதற்கு மட்டும் தயாராக இருங்கள். "உங்கள் பெயரில் இன்னொரு கடன் பாக்கி இருக்கிறது, அதற்காக நகையை நிறுத்தி வைத்திருக்கிறோம்" என்பது. ஒப்பந்தச் சட்டம் 174-வது பிரிவின்படி, ஒரு கடனுக்காக அடகு வைத்த பொருளை வேறு கடனுக்காகப் பிடித்து வைக்க முடியாது, அப்படி ஒப்பந்தம் இருந்தால் ஒழிய. ஆனால் வங்கிகளுக்கு 171-வது பிரிவு பொதுவான பிடிமான உரிமை ஒன்றைத் தருகிறது, அதோடு நகைக்கடன் படிவத்திலேயே "என் பிற கடன்களுக்கும் இந்த நகை ஈடாகும்" என்று ஒரு வரி பெரும்பாலும் அச்சடித்திருக்கும். எனவே அந்தப் படிவத்தின் நகலைக் கேட்டு, அந்த வரி இருக்கிறதா, எந்தக் கடன், எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மேற்கொண்டு பேச முடியும். வேறு கடனோ ஜாமீன் கையெழுத்தோ உங்களுக்கு இல்லை என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு வேண்டாம்.

மே 6 தாண்டினால்

அதே கடிதத்தின் நகலோடு, வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். எல்லா வங்கியும் தன் இணையதளத்தில் முதன்மைக் குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரியைப் போட்டிருக்க வேண்டும். புகார் எண் ஒன்று தருவார்கள், அந்த எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் தமிழிலும் விவரம் கேட்கலாம். வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் ஏற்க மாட்டார்கள். வக்கீல் மூலம் போட்டாலும் ஏற்க மாட்டார்கள், அதனால் செலவு செய்து வக்கீலைத் தேட வேண்டியதில்லை. உங்கள் கிளை முத்திரை போட்ட அந்த இரண்டாவது பிரதிதான் அங்கே பதிவேற்ற வேண்டிய முதல் காகிதம்.

இதைப் படிக்கும் வேறு சிலர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகை வைத்திருக்கலாம். அந்தச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் வரம்புக்குள் வருவதில்லை. கடிதம் இதே மாதிரிதான், சங்கச் செயலாளருக்கு எழுதி, பதில் இல்லாவிட்டால் சரகத் துணைப்பதிவாளருக்கும் மண்டல இணைப்பதிவாளருக்கும் அனுப்ப வேண்டும்.

நகையை வாங்கும் நேரம்

நகை வாங்கப் போகும் நாளில் அவசரப்படாதீர்கள். இத்தனை நாள் அலைந்த பிறகு பையைக் கண்டதும் மனம் இளகிவிடும், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவோம். "நகைகளைச் சரியான எடையிலும் நிலையிலும் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்ட பிறகு பையைப் பிரித்துப் பார்த்தால், ஒரு கல் குறைந்தாலும் கேட்க வழியில்லாமல் போகும்.

முதலில் பையை மூடியபடியே கையில் வாங்கிப் பாருங்கள். சீல் உடையாமல் இருக்கிறதா, பையின் மேல் உள்ள சீட்டில் உங்கள் கடன் எண்ணும் பெயரும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். சீல் ஏற்கெனவே உடைந்திருந்தால் தணிக்கையின்போது பிரித்திருக்கலாம். அப்படிப் பிரித்து மறுபடி மூடியதற்குத் தேதியும் கையெழுத்தும் இருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு எடை. காலியாக இருக்கும்போது தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு நகையாகத் தனித்தனியே போடச் சொல்லுங்கள். இங்கேதான் பலருக்கு ஒரு குழப்பம் வரும். மாதிரிக் கடிதத்தில் போட்ட காதணியையே எடுத்துக்கொள்வோம். அட்டையில் நிகர எடை 4.700 கிராம். தராசில் வைத்தால் 5.600 காட்டும். கல்லின் எடையைக் கழித்தது அட்டை, கல்லோடு சேர்த்து நிறுப்பது தராசு. ஆகவே மொத்த எடையை மொத்த எடையோடு மட்டும் ஒப்பிடுங்கள். தராசு 4.700 காட்டினால்தான் விபரீதம். கல்லின் எடைக்குச் சமமாக ஏதோ குறைந்திருக்கிறது என்று பொருள். காதணியைத் திருப்பிக் கல் குழிகளைப் பாருங்கள், ஏதாவது குழி காலியாக இருந்தால் பளிச்சென்று தெரியும். திருகாணி இரண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். சின்னப் பொருள், பையின் மூலையிலேயே கிடக்கும்.

ஒன்றிரண்டு மில்லிகிராம் வித்தியாசம் ஒரு தராசுக்கும் இன்னொரு தராசுக்கும் வரும். சங்கிலியின் கொக்கிப் பக்கமோ மோதிரத்தின் உள்பக்கமோ லேசாக உரசிய தடம் இருந்தால் அது உரைகல்லில் தேய்த்த அடையாளம், அடகு வைத்த அன்றே வந்தது. நூறு மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தால் விடக் கூடாது. தற்போதைய விலையில் அது ஆயிரம் ரூபாய்க்கு மேல். எடையோ தரமோ குறைந்திருந்தாலும், சேதம் இருந்தாலும் ஈடு தர வேண்டியது வங்கியின் பொறுப்பு. வித்தியாசம் தெரிந்தால் கையெழுத்துப் போடும் அதே தாளில், கையெழுத்துக்கு மேலே எழுதுங்கள்: "காதணி ஒரு ஜோடி, அட்டைப்படி மொத்த எடை 5.600 கிராம், இன்று தராசில் ….. கிராம், ஒரு கல் இல்லை." தேதியைப் போட்டு அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடாவிட்டால் கையெழுத்தைப் போடாமல், கிளை மேலாளரை அழைத்து அவர் முன்னால் மறுபடி எடை போடச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். கிளம்பும் முன் இரண்டு காகிதம் கேட்டு வாங்குங்கள். ஒன்று, கடன் கணக்கில் நிலுவை இல்லை என்ற சான்று. மற்றது, கடன் வாங்கிய அன்று நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடன் உறுதிப் பத்திரம், அதாவது டி.பி. நோட்டு, "ரத்து" என்று முத்திரையிட்டபடி. நகை வந்துவிட்ட சந்தோஷத்தில் அதைக் கேட்க மறந்துவிட வேண்டாம்.